வாழ்த்துப் படத்தில் கார்த்திகை விளக்கு

விருத்தாசலத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியுள்ளார். பழமலைநாதர் திருக்கோயிலுக்கு அருகில் மேற்குப் பார்த்த ஓட்டு வீடு. முன்னே இருபுறமும் திண்ணை. கணவருக்கு முழங்கால் வலி. ஏணி ஏறிச் சரவிளக்குக் கட்ட இப்போது ஆளில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகளோ, திருக்கார்த்திகைக்கு நம் வீட்டு வாசற்படம்தான் வாழ்த்தாக வேண்டும் என்கிறாள். சென்ற ஆண்டு ஒரு கடையில் விளக்குகளைச் சேர்த்துக் கொடுத்தார்களாம். அவை அந்தரத்தில் மிதந்தன, வீடு யாருடைய வீடோபோல் இருந்தது என்கிறார்.

கடைக்காரர் செய்தது அதிகம் காணும் பிழையே. பட்டப்பகலில் எடுத்த படத்தின்மேல் விளக்கை ஒட்டினால் விளக்கு எரியாது. பகல் வெளிச்சத்தில் அகலின் சுடர் கண்ணுக்கே தெரியாதல்லவா? ஆகவே முதல் வேலை, படத்தை அந்திக்குக் கொண்டுவருவது. வெயில் விழாத மாலையில், அல்லது மேகம் மூடிய நாளில், தெருவில் நின்று வாசலை எடுங்கள். தாழ்வாரத்தின் கூரிய நிழல் சுவரில் விழுந்திருந்தால், பின்னர் எவ்வளவு இருட்டாக்கினாலும் அந்த நிழல் காட்டிக் கொடுத்துவிடும். வெளுத்த வானமும் அப்படியே. இருட்டாக்கினால் சாம்பல் நிறமாகுமே தவிர இரவாகாது. வானம் குறைவாகத் தெரியும்படி எடுப்பது நல்லது.

கைப்பேசியில் Snapseed என்னும் இலவசச் செயலி இதற்குப் போதும். அதில் Tune Image பகுதியில் Brightness அளவைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். White Balance பகுதியில் நிறத்தைச் சற்று நீலத்தின் பக்கம் தள்ளுங்கள். வீடு இருக்கிறது என்று தெரியவேண்டும், ஓட்டை எண்ண முடியக்கூடாது. அந்த அளவு போதும்.

விளக்கைக் கடையில் கிடைக்கும் படத்திலிருந்து எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டு அகலையே ஏற்றுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புத் துணிக்கு முன்னே ஐந்து அகல்களை வரிசையாக ஏற்றி வைத்து எடுங்கள். தெருவிலிருந்து திண்ணையைப் பார்க்கும் அதே உயரத்தில் கைப்பேசி இருக்கவேண்டும். மேலிருந்து குனிந்து எடுத்தால் அகலின் வாய் வட்டமாகத் தெரியும். திண்ணையில் வைக்கும்போது அது சாய்ந்து நிற்பதுபோல் தோன்றும்.

இப்போது வாசற்படத்தைத் திறந்து Double Exposure பகுதியில் விளக்குப் படத்தைச் சேர்த்து, கலப்பு முறையில் Lighten என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு படங்களில் எந்த இடம் வெளிச்சமோ அதுமட்டும் நிற்கும். கறுப்பு முழுதும் மறைந்து, சுடரும் ஒளியும் திண்ணையில் அமரும். விரல்களால் சுருக்கி, திண்ணை விளிம்பில் நிறுத்துங்கள். விளக்குகளைச் சுற்றி மங்கலான சதுரம் தெரிந்தால், துணி முழுக் கறுப்பாகப் பதியவில்லை என்று பொருள். விளக்குப் படத்தில் Shadows அளவைக் குறைத்து, Contrast அளவைக் கூட்டி, மறுபடி சேர்க்கவேண்டும்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். விளக்கு மிதப்பதாகத் தோன்றுவது இதனால்தான். விளக்கு இருந்தால் அதன் ஒளி சுவரில் விழவேண்டும். Brush பகுதியில் Temperature கூட்டி, சுடருக்குப் பின்னுள்ள சுவரில் விரலால் தடவுங்கள். பின்பு Exposure சிறிது கூட்டி அதே இடத்தில் இன்னொரு முறை. சுடருக்கு மேலே ஒளி மிகுதியாகவும், போகப்போக விரைவில் மங்கியும் இருக்கட்டும். ஒரு முழத்தில் உள்ள வெளிச்சம் இரண்டு முழத்தில் கால் பங்காகிவிடும். அகலின் அடியில் மட்டும் தடவக்கூடாது. விளக்கின் நிழல் அங்கேதான் விழும்.

இந்த ஊர் பீங்கானுக்குப் பெயர்பெற்றது. அந்த வாசகியின் வீட்டிலும் மெருகேற்றிய பீங்கான் அகல்களே இருக்கின்றனவாம். மண் அகல் ஒளியை உறிஞ்சிக் கொள்ளும். மெருகிட்ட பீங்கானோ விளிம்பில் ஒரு சிறு வெண்புள்ளியாகச் சுடரைத் திருப்பிக் காட்டும். சொந்த விளக்கை எடுத்தால் அந்தப் புள்ளி தானே வந்துவிடும். வரைந்த விளக்கில் அது இராது.

சரவிளக்கும் இதே வழிதான்: இருட்டறையில் இரண்டு ஆணிகளுக்கிடையே தொங்கவிட்டு எடுத்து, தாழ்வாரத்தில் சேர்க்கலாம். நடுவில் சற்றுத் தொய்வு வேண்டும். கோடுபோல் நேராக நின்றால் பொய்யென்று தெரியும். முன்னே தூண் இருந்தால் சரம் அதன் பின்னே மறையவேண்டும். படம் சேர்த்தபின் View edits வழியே தூண்மீதுள்ள பகுதியை விரலால் நீக்கலாம். என் விருப்பம், சரவிளக்கு ஒரே வரிசை, மங்கலான மஞ்சள். பல வண்ணங்கள் மின்னினால் அகலின் சிவந்த பொன்னிறம் எடுபடாது.

நிலவையும் சேர்க்க ஆசைப்படுவோர் திசையைப் பாருங்கள். கார்த்திகைத் தீபத்தன்று ஏறக்குறைய முழுநிலவு. விளக்கேற்றும் நேரத்தில் கிழக்கே தாழ்வாக நிற்கும். மேற்குப் பார்த்த வீட்டைத் தெருவிலிருந்து பார்க்கும்போது அது ஓட்டுக்கு மேலே தெரியும். அந்த வாசகிக்கு அது பொருந்தும். கிழக்குப் பார்த்த வீட்டார் நிலவை விட்டுவிடலாம்.