ஓடிபி ஏன் ஏற்கப்படவில்லை? ஸ்கிரீன்ஷாட்டில் விடை இல்லை, ஆபத்து உண்டு

"ஓடிபியைச் சரியாகத்தான் பதிவிட்டேன், பிறகும் ஏன் பணம் செலுத்த முடியவில்லை?" என்ற கேள்வியுடன், வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து சமூக ஊடகங்களில் பதிவிடுவோர் பலர். வங்கியின் கவனத்தை ஈர்ப்பதே அவர்களது நோக்கம். ஆனால், தோல்விக்கான காரணம் அந்த எண்களில் இருப்பதில்லை. மாறாக, மோசடியாளருக்குத் தேவையான விவரங்கள் அந்தப் படத்தில் இருக்கின்றன.

ஏன் ஏற்கப்படுவதில்லை?

ஒருமுறை கடவுச்சொல் என்பது குறிப்பிட்ட ஒரு பரிவர்த்தனைக்காக உருவாக்கப்படும் எண். எந்தத் தொகை, எந்த நிறுவனத்துக்கு, எந்த நேரத்தில் என்ற விவரங்களுடன் அது இணைக்கப்பட்டிருக்கும். சில நிமிடங்களே செல்லுபடியாகும். நாம் பதிவிடும் எண்ணை, அட்டையை வழங்கிய வங்கியின் சரிபார்ப்பு அமைப்பு, அந்தப் பரிவர்த்தனைக்கெனத் தன்னிடம் உள்ள எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் ரூ.2,340 மதிப்பிலான ரயில் பயணச்சீட்டுக்கு, காலை 10.14 மணிக்குப் பற்று அட்டை மூலம் பணம் செலுத்த முயல்கிறார். குறுஞ்செய்தி வரத் தாமதமாகிறது. 10.16 மணிக்கு, 'மீண்டும் அனுப்புக' என்ற பொத்தானை அழுத்துகிறார். 10.17 மணிக்கு இரண்டு குறுஞ்செய்திகளும் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. அவர் முதலில் வந்த எண்ணைப் பதிவிடுகிறார். ஆனால், இரண்டாவது எண் உருவானபோதே முதல் எண் காலாவதியாகிவிட்டது. எனவே, அது நிராகரிக்கப்படுகிறது.

அவர் பின்னால் சென்று, புதிதாகப் பணம் செலுத்தத் தொடங்குகிறார். இம்முறை, கையில் உள்ள இரண்டாவது எண்ணைப் பதிவிடுகிறார். அதுவும் ஏற்கப்படுவதில்லை. அந்த எண் கைவிடப்பட்ட முந்தைய பரிவர்த்தனைக்கு உரியது. இப்போது நடப்பது வேறு பரிவர்த்தனை. அவரது பார்வையில், வங்கி அனுப்பிய எண்ணையே இரண்டு முறையும் பிழையின்றிப் பதிவிட்டிருக்கிறார். வங்கியின் பார்வையில், இரண்டு முறையும் தவறான எண் வந்திருக்கிறது. மேலும் சில முறை இவ்வாறு நேர்ந்தால், இணையப் பரிவர்த்தனையை வங்கி தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் கூடும்.

இந்தச் சிக்கலைக் கண்டறிய வங்கிக்குத் தேவைப்படுபவை பரிவர்த்தனைக் குறிப்பு எண், நேரம், தொகை, திரையில் தோன்றிய பிழைச் செய்தி ஆகியவை மட்டுமே. ஓடிபியின் எண்கள் எந்தக் கட்டத்திலும் தேவைப்படுவதில்லை.

பணம் கழிக்கப்பட்டும் பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்றால், ஓடிபி ஏற்கப்பட்டுவிட்டது என்றே பொருள். அதன் பிறகே தடங்கல் நேர்ந்திருக்கிறது. இத்தகைய அட்டைப் பரிவர்த்தனைகளில், 5 நாள்களுக்குள் பணம் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் அறிவுறுத்தியது.

மோசடியாளர் காத்திருப்பது அடுத்த எண்ணுக்காக

காலாவதியான எண்ணை வெளியிடுவதால் என்ன தீங்கு என்று கேட்கலாம். பணம் செலுத்துவதற்கான பழைய ஓடிபியால் பிறருக்குப் பெரும்பாலும் பயனில்லை என்பது உண்மையே. ஆனால், ஸ்கிரீன்ஷாட்டில் அந்த எண் மட்டும் இருப்பதில்லை. வங்கியின் பெயர், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், தொகை, வணிக நிறுவனம், நேரம் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. பதிவிட்டவர் பதற்றத்தில் இருக்கிறார், வங்கியின் அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

இத்தகைய பதிவுகளின் கீழ், வாடிக்கையாளர் சேவை மையம் என்ற பெயரில் போலிக் கணக்குகள் பதிலளிப்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் கைப்பேசி எண்ணைக் கேட்டுப் பெற்று, தொடர்புகொள்கின்றனர். "ரூ.2,340 ரயில் பயணச்சீட்டுதானே? உங்கள் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் இவைதானே?" என்று அவர்கள் கேட்கும்போது, பேசுவது வங்கிதான் என்ற நம்பிக்கை பிறக்கிறது. பின்னர், பணத்தைத் திருப்பி அனுப்புவதாகக் கூறி அட்டையின் மற்ற விவரங்களைப் பெறுகின்றனர். இறுதியாக, "இப்போது வரும் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்" என்கின்றனர். இழப்பை உண்டாக்குவது இந்த இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்தான்.

குறுஞ்செய்தியில் எண்ணுக்கு அருகிலுள்ள வாசகத்தைப் படித்தால் இதைத் தவிர்க்க முடியும். பணத்தைப் பெறுவதற்கு ஓடிபி தேவையில்லை. தொகையும் நிறுவனத்தின் பெயரும் குறிப்பிடப்பட்டிருந்தால், அது பணம் வெளியே செல்வதற்கான ஒப்புதல். உள்நுழைவு, புதிய சாதனப் பதிவு, அட்டையைச் சேமித்தல் போன்ற சொற்கள் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அந்த எண்ணைப் பெறுபவர் ஒரு பரிவர்த்தனையுடன் நிற்காமல், கணக்கையே தமது சாதனத்தில் திறந்துவிடலாம்.

இழப்பு யாருக்கு?

அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு குறித்த விதிகளை ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்டது. அதன்படி, வங்கியின் குறைபாட்டால் இழப்பு நேர்ந்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. தவறு இரு தரப்பிலும் இல்லாதபோது, 3 வேலை நாள்களுக்குள் தகவல் தெரிவித்தாலும் பொறுப்பில்லை. ஆனால், ரகசிய விவரங்களைப் பகிர்வது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தகவல் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பையும் அவரே ஏற்க வேண்டும். தகவல் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும்.

தவறு வாடிக்கையாளருடையது என்பதை நிரூபிக்கும் பொறுப்பை அதே விதிகள் வங்கியிடம் அளித்துள்ளன. இது வாடிக்கையாளருக்குக் கிடைத்துள்ள முக்கியப் பாதுகாப்பு. ஓடிபியுடன் கூடிய ஸ்கிரீன்ஷாட்டைப் பொதுவெளியில் பதிவிடுபவர், தமக்கு எதிரான சான்றைத் தாமே அளித்துவிடும் நிலை உருவாகிறது.

குறுஞ்செய்தி ஓடிபியை மட்டும் சார்ந்திராமல், வேறு சரிபார்ப்பு முறைகளையும் பயன்படுத்த வழிவகுக்கும் விதிகளை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, அவற்றுக்கு 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாக அறிவித்தது. செயலியில் ஒப்புதல் பொத்தானை அழுத்தும் முறை வந்தாலும், "அதை அழுத்துங்கள், பணம் திரும்ப வரும்" என்று கூறும் மோசடியாளருக்கு அது முழுத் தடையாக இருக்காது.

செய்ய வேண்டியவை

ஓடிபி நிராகரிக்கப்பட்டால், பழைய எண்களை மீண்டும் முயலாமல், அந்தப் பரிவர்த்தனையை முடித்துவிட்டுச் சில நிமிடங்கள் கழித்துப் புதிதாகத் தொடங்கலாம். புதிதாக வரும் எண்ணை மட்டுமே பதிவிட வேண்டும். புகார் அளிப்பதென்றால், வங்கியின் செயலி அல்லது அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள எண் வழியாக அளிப்பதே பாதுகாப்பானது.

ஸ்கிரீன்ஷாட்டை ஏற்கெனவே பதிவிட்டவர்கள் உடனே அதை நீக்க வேண்டும். அதன் பிறகு வரும் அழைப்புகளை ஏற்றுப் பேசாமல், தாமே வங்கியை அழைத்து விசாரிக்கலாம். பணம் பறிபோயிருந்தால், முதலில் வங்கியிடம் அட்டையை முடக்கக் கோரி, புகார் எண்ணைப் பெற வேண்டும். அடுத்து 1930 என்ற தேசிய உதவி எண்ணிலோ cybercrime.gov.in இணையதளத்திலோ புகாரைப் பதிவு செய்ய வேண்டும். பறிபோன தொகை மோசடியாளர்களின் பல கணக்குகளுக்குப் பிரிந்து செல்வதற்குள் புகார் சென்றடைந்தால்தான், அதை இடையில் முடக்கும் வாய்ப்பு அதிகம்.