மூவர் ஏறிச் சென்றால் நட்டஈடு குறையுமா?

மோட்டார் சைக்கிளில் மூவர் ஏறிச் செல்வதும், தலைக்கவசமின்றிச் செல்வதும் சட்டப்படி குற்றம். ஆயினும், அவ்வாறு சென்றவர்மீது பிறிதொரு வாகனம் மோதிவிட்டால் அவருக்குரிய நட்டஈடும் குறைந்துவிடுமோ? குறையத்தான் வேண்டும் என்பதே பலரின் எண்ணம். இந்தியாவில் நடந்த ஒரு வழக்கு இவ்வெண்ணத்தைத் திருத்திற்று.

அந்நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஓட்டுபவருக்குப் பின்னே ஒருவர் மட்டுமே அமரலாம் என்கிறது. 2008ஆம் ஆண்டில் மூவர் சென்ற மோட்டார் சைக்கிளொன்றைக் காரொன்று பின்னாலிருந்து மோதியது. ஓட்டுநரின் பின்னே சென்ற இளைஞரொருவர் இறந்தார். அவருடைய பெற்றோருக்குரிய நட்டஈட்டில் நூற்றுக்குப் பத்து வீதத்தை டில்லி உயர் நீதிமன்றம் கழித்தது. பின்னே இருவர் அமர்ந்ததனால் வண்டி நிலைதளர்ந்திருக்கக் கூடும் என்பதே அதற்குக் கூறிய காரணம்.

2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. மூவர் சென்றது சட்டமீறலே. ஆனால் அம்மீறலுக்கும் விபத்துக்கும், அல்லது நேர்ந்த காயத்துக்கும், காரண காரியத் தொடர்பு இருத்தல் வேண்டும். கார் மோதியதோ பின்னாலிருந்து. மூன்றாமவர் இல்லாதிருந்தால் விபத்து நேர்ந்திராது என்று காப்புறுதிக் கம்பனியே வாதிடவில்லை. எனவே நிலைதளர்வு என்பது வெறும் ஊகமென்று கண்டு, கழித்த வீதத்தை நீதிமன்றம் நீக்கியது.

எனினும் இத்தீர்ப்பை எல்லோருக்கும் கிடைத்த விலக்கு என்று கொள்ளலாகாது. நெருங்கி அமர்ந்தமையால் ஓட்டுநர் கைபிடியைத் திருப்ப இயலாமல் வளைவில் எதிர்ப்பக்கம் சென்று மோதினாரென்றால், தொடர்பு தெளிவாகவே இருக்கும். அப்பொழுது கழிவும் நியாயமாகும்.

தலைக்கவசத்தையும் இதே அளவுகோலால் அளந்து பார்ப்போம். கவசமின்றிச் சென்றவரின் காலெலும்பு முறிந்ததெனின், கவசம் அக்காலைக் காத்திராது. ஆகவே அதனைச் சொல்லி நட்டஈட்டைக் குறைக்க இடமில்லை. மண்டை உடைந்ததெனின் நிலைமை வேறு. கவசம் விபத்தைத் தடுத்திராவிடினும் காயத்தைக் குறைத்திருக்கலாமே! பத்து லட்சம் ரூபா நட்டஈட்டில் நூற்றுக்குப் பத்து வீதம் கழிக்கப்பட்டால், குடும்பம் இழப்பது ஒரு லட்சம்.

ஆதலின் இத்தகைய வழக்குகளில் காயம் எங்கே பட்டது, மோதல் எப்பக்கத்திலிருந்து வந்தது என்னும் இரண்டுமே முக்கியமானவை. முன்னதை வைத்திய அறிக்கையோ பிரேத பரிசோதனை அறிக்கையோ காட்டும். பின்னதை விபத்து நடந்த இடத்தின் வரைபடமும், வாகனத்தில் காணும் சேதமும் காட்டும். உறவினர் இவற்றின் பிரதிகளைத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொள்வது நலம். காப்புறுதிக் கம்பனியார், "மூவர் சென்றனர், ஆகையால் குறைக்கிறோம்" என்று மட்டும் சொன்னால், "மூன்றாமவர் விபத்துக்கு எவ்வாறு காரணமானார்?" என்று திருப்பிக் கேட்கலாம். விடை சான்றோடு வரவேண்டும். ஊகமாக வந்தால் போதாது.