மனசுக்குள் ஸ்டாப்லாஸா?

"சந்தை நிமிடத்துக்கு நிமிடம் மாறும், எழுதி வைத்த திட்டம் கையைக் கட்டிவிடும், அனுபவசாலிக்கு மனசுக்குள் ஸ்டாப்லாஸ் போதும்" என்கிறார்கள். முழுநேரமும் திரை முன் இருப்பவருக்குச் சரியோ என்னவோ. பத்தரை மணி மீட்டிங்கில் மேனேஜர் எதிரே இருப்பவரின் மனசு எந்த ஆர்டரைப் போடும்?

எழுதி வைக்க வேண்டியவை நான்கு. ஒன்று, அளவு. மூலதனம் 2 லட்சம், ஒரு டிரேடில் இழக்கச் சம்மதம் 2,000 ரூபாய். நிஃப்டி கால் 120 ரூபாய், லாட் 65 என்று வையுங்கள். ஆப்ஷனில் ஸ்டாப்லாஸ் லிமிட் ஆர்டர்தான் போட முடியும். டிரிகர் 93, லிமிட் 90. நஷ்டம் 30 பெருக்கல் 65, அதாவது 1,950. ஒரு லாட்தான். இந்தக் கணக்கை 9.20க்கு பஸ்ஸில் நின்றபடி போடுவீர்களா?

இரண்டு, வெளியேற்றம். விலை 90-ஐத் தாண்டிக் கீழே குதித்தால் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். அதனால் திட்டத்தில் இன்னொரு வரி: 90-க்கு அலர்ட், அடித்தால் உடனே விற்பது. போனைத் தொட முடியாத நாளில் நுழைவே இல்லை. இலக்கு வராவிட்டாலும் 2.45க்கு வெளியே.

மூன்று, நுழைவு. முதல் அரைமணி உச்சத்தை நிஃப்டி தாண்டினால் மட்டும். டெலிகிராம் டிப்ஸ் காரணமாகாது.

நான்கு, ஓய்வு. எக்ஸ்பைரி நாள், ஆபீஸ் மாதக்கடைசி, தொடர்ந்து இரண்டு நஷ்டத்துக்கு அடுத்த நாள். "விட்டதைப் பிடிக்க" இறங்குவது அன்றைக்குத்தானே?

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் செபி சொல்கிறது. எழுதினால் லாபம் வரும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு போகலாம் என்பது முன்பே முடிவாகியிருக்கும்.