‘படிப்பு முடியட்டும்’ என்பது மறுப்பு அல்ல

“மாமன் மகன் இருக்கும்போது வெளியே ஏன் பார்க்கணும்?” ஆண்கள்மீது ஈர்ப்பே இல்லாத பெண்ணிடமும் இதைத்தான் கேட்கிறார்கள். அகமணமே சாதியின் அடித்தளம் என்று அம்பேத்கர் 1916இல் எழுதினார். நிலமும் சாதியும் கைமாறாமலிருக்க அவள் உடல் தேவைப்படுகிறது. அவள் விருப்பம் தேவைப்படவில்லை.

‘பிஎச்.டி. முடியட்டும்’ என்றால் உறவினர்கள் அதைக் கெடுவாக எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளையைக் குறை சொன்னால் அடுத்த ஜாதகம் வரும். ‘எனக்குத் திருமணம் வேண்டாம்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லலாம். காரணம் சொல்லக் கடமையில்லை. வீட்டாரைச் சார்ந்து வாழும்போது தன்பாலீர்ப்பை வெளிப்படுத்துவது ஆபத்தாகவும் முடியலாம்.

2025இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு அப்படிப்பட்டது. 25 வயதுப் பெண்ணை வீட்டார் அடைத்துவைத்து, அடித்து, ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்தனர். காவல்துறையும் கைவிட்டது. அவருடைய இணையான பெண் ஆட்கொணர்வு மனு போட்டதால்தான் அவர் விடுபட்டார். திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல என்றது அந்தத் தீர்ப்பு.

வெளியே ஒருவருக்கு நம் நிலைமை தெரிந்திருந்ததே அங்கே காப்பாற்றியது. எனவே சான்றிதழ்களையும் ஆதாரையும் கைவசம் வையுங்கள். ஊர் முகவரியை நம்பகமான தோழியிடம் கொடுங்கள். வீட்டைவிட்டு வந்தபின் ‘காணவில்லை’ என்று புகார் போனாலும், விரும்பியே வந்ததாக வாக்குமூலம் கொடுத்தால் காவல்துறை துன்புறுத்தாமல் அதை முடிக்க வேண்டும். சுஷ்மா வழக்கில் அதே நீதிமன்றம் 2021இல் இட்ட உத்தரவு அது. அதன் நகலைக் கையில் வைத்திருங்கள்; பல காவல் நிலையங்கள் அதைப் படித்ததேயில்லை என்பதுபோல்தான் நடந்துகொள்கின்றன.