ஒரு கேள்வி, நாலு அட்டை

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறியதுமே எதிர்வீட்டு அக்கா பையிலிருந்து அட்டைக் கட்டை எடுத்துவிடுவார். குரூப் 4 தேர்வுக்காகப் பழைய வினாத்தாள் கேள்விகளை அப்படியே எழுதி வைத்த அட்டைகள். அட்டையில் எல்லாம் சரி, மாதிரித் தேர்வில்தான் சறுக்குகிறது.

ஒன்றை வாங்கிப் பார்த்தேன். ‘பொருத்துக’ கேள்வி. வேலூர் புரட்சி, வைக்கம் போராட்டம், செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம். இரண்டு ஆண்டுகள் தெரிந்தாலே மற்ற விருப்பங்களைத் தள்ளிவிட்டு விடையைப் பிடித்துவிடலாம்.

“செங்கல்பட்டு மாநாடு எந்த வருஷம்க்கா?” என்றேன். விழித்தார்!

அந்த ஒரு கேள்வியை நாலு அட்டையாக உடைத்தோம். முன்பக்கம் நிகழ்ச்சி, பின்பக்கம் ஆண்டு மட்டும்: 1806, 1924, 1929, 1930. விருப்பங்கள் கிடையாது.

எழுதிய மறுநாள் முதல் சுற்று. சரியாகச் சொன்னால் அடுத்து 3 நாள் கழித்து, பிறகு 7, 16, 35 நாள் இடைவெளி. தவறினால் மறுபடி 1 நாளுக்கு. ஐந்து சுற்றும் முடிய 62 நாள் ஆகும். அதனால் தேர்வுக்கு 62 நாளுக்கு முன்பே புது அட்டை எழுதுவதை நிறுத்திவிடுவது நல்லது.

பாடத்திட்டம் பெரிது என்று அக்கா தினம் 40 அட்டை எழுதிக்கொண்டிருந்தார். அப்படிப் போனால் இரண்டு மாதத்தில் தினமும் திருப்பவேண்டியவை மட்டும் 200. தவறியவை தனி. இரண்டு நாள் விட்டால் மலையாகிவிடும், பலரும் அங்கேதான் கட்டைத் தூக்கிப் போடுகிறார்கள்.

இப்போது தினம் 10தான். தாம்பரம் வருவதற்குள் புதியவை முடிகின்றன. பழையவை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு.