ஒரு மில்லிமீட்டரில் மாறும் குணம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பக்கத்துத் தாமானில் இருக்கும் ஓர் அம்மா மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகளுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். யாரோ ஒருவருக்குப் புலனத்தில் மகளின் கைப்படத்தை அனுப்பியிருக்கிறார். வந்த பதில் இதுதான்: "இது நீர்க் கை. மனம் இளகியது. அடுத்தவர் வலியைத் தாங்காது. தாதியர் வேலை ஒத்துவராது."

"நீங்கதான் கையைப் பத்தி எழுதுறவராச்சே, பார்த்துச் சொல்லுங்கண்ணே," என்றார் அம்மா. மகள் எதுவும் பேசாமல் கைகளை மடியில் மடக்கி வைத்திருந்தாள்.

ரேகைகளைப் பற்றி இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன். கையின் வடிவத்தைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. அன்று நடந்ததைச் சொன்னால் அந்தக் குறையும் தீரும்.

நிலம், காற்று, நெருப்பு, நீர் என்று கைகளை நான்காகப் பிரிப்பது நம் ஊர் வழக்கமில்லை. நம் கணக்கில் ஆகாயமும் சேர்ந்து பூதங்கள் ஐந்து. கிரேக்கர்களின் கணக்கில்தான் நான்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தார்ப்பாந்தினி என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி கைகளை ஏழு வகையாகப் பிரித்தார். பிறகு கீரோ எழுதிய புத்தகங்கள் வழியாக அந்த ஏழும் உலகமெங்கும் பரவின. ஏழையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்பது சிரமம். 1965இல் வெளிவந்த கையைப் பற்றிய ஒரு நூலில் ஃபிரெட் கெட்டிங்ஸ் என்ற ஆங்கிலேயர் அதை நான்காகச் சுருக்கினார். இன்று இணையத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்த நான்குதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேஷம், சிம்மம், தனுசு நெருப்பு ராசிகள் என்பதால் அந்த ராசிக்காரர்களுக்கு நெருப்புக் கை இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று. கையின் வகையை அளந்துதான் சொல்ல வேண்டும், பிறந்த நாளை வைத்துச் சொல்ல முடியாது.

பிரிக்கும் முறை எளிது. இரண்டே கேள்விகள். உள்ளங்கை சதுரமா, நீளமா? விரல்கள் குட்டையா, நீளமா? சதுர உள்ளங்கையில் குட்டை விரல் இருந்தால் நிலக் கை. காரியத்தில் கண்ணாக, நிதானமாக இருப்பவர் என்பார்கள். சதுர உள்ளங்கையில் நீள விரல் என்றால் காற்றுக் கை. பேச்சும் யோசனையும் அவருடைய பலம். நீள உள்ளங்கையில் குட்டை விரல் என்றால் நெருப்புக் கை. வேகம், துணிச்சல், கொஞ்சம் முன்கோபம். இரண்டும் நீளமாக இருந்தால் நீர்க் கை. உணர்ச்சி மிகுந்தவர், எளிதில் மனம் நோகிறவர். ரேகைகளையும் துணைக்குப் பார்ப்பார்கள். நிலக் கையில் ரேகைகள் சிலவே, ஆனால் ஆழமாக இருக்கும். நீர்க் கையில் வலை போட்டதுபோல் மெல்லிய கோடுகள் நிறைய ஓடும்.

மேசை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் அடிக்கோலை எடுத்தேன். "கையைத் திருப்பி வைம்மா," என்றேன். உள்ளங்கை மேலே தெரியும்படி மேசைமேல் வைக்கச் சொன்னேன். படத்தைப் பார்த்துச் சொன்னவர் செய்யாத வேலை இதுதான்.

மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். மணிக்கட்டில் கைக்கு மிக அருகில் இருக்கும் மடிப்புக் கோட்டிலிருந்து நடுவிரலின் அடிமடிப்பு வரை உள்ளங்கையின் நீளம். அந்த அடிமடிப்பிலிருந்து விரல் நுனி வரை நடுவிரலின் நீளம். நகத்தை இதில் சேர்க்கக் கூடாது. கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல்களுக்குக் கீழே குறுக்காக உள்ளங்கையின் அகலம். நடுவிரல் உள்ளங்கை நீளத்தில் முக்கால் பங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் நீள விரல் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. அகலத்துக்கு அப்படி ஒத்துக்கொண்ட கணக்கு இல்லை. எழுத்துக்கு எழுத்து சதுரமாக இருக்க வேண்டும் என்று தேடினால் கிடைப்பது அபூர்வம், ஏனென்றால் பெரும்பாலோருக்கு உள்ளங்கை அகலத்தைவிட நீளமாகத்தான் இருக்கும். அதனால் அகலம் நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தொட்டால் சதுரம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் கணக்கு. வேறொருவர் வேறு கணக்கு வைத்திருப்பார்.

பெண்ணின் வலது கையை அளந்தேன். உள்ளங்கை நீளம் 9.6 சென்டிமீட்டர். நடுவிரல் 7.3. அகலம் 7.6.

9.6இல் முக்கால் பங்கு 7.2. விரல் 7.3, ஆக நீள விரல். 9.6இல் ஐந்தில் நான்கு பங்கு ஏறக்குறைய 7.7. அகலம் 7.6, ஆக நீள உள்ளங்கை. இரண்டையும் சேர்த்தால் நீர்க் கை.

"அப்ப அவரு சொன்னது சரிதானேண்ணே?" என்றார் அம்மா. குரல் தழுதழுத்தது.

"கொஞ்சம் பொறும்மா," என்று சொல்லி ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அகலத்தை 7.6 என்று படிக்காமல் 7.7 என்று படித்திருந்தால் இது காற்றுக் கை. அகலம் அப்படியே இருந்து, விரலை 7.1 என்று படித்திருந்தால் நெருப்புக் கை. இரண்டும் மாறியிருந்தால் நிலக் கை. என் அடிக்கோலில் இரண்டு சிறு கோடுகளுக்குள் நான்கு குணங்களும் அடங்கிவிட்டன. தோலின் மடிப்பு ஒரு நூல் கோடு அல்ல. அதற்கே ஓரிரு மில்லிமீட்டர் அகலம் உண்டு. அதன் எந்த ஓரத்தில் அடிக்கோலை வைப்பது? வெயிலில் நடந்து வந்த நாளில் கை கொஞ்சம் வீங்கி, மோதிரம் இறுகும். அன்று அகலமும் கூடும்.

இது அந்தப் பெண்ணுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் இல்லை. பெரியவர்களின் கைகளில் நடுவிரல் பெரும்பாலும் அந்த முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். எல்லைக்கோட்டைக் கூட்டம் நிற்கும் இடத்திலேயே போட்டுவிட்டார்கள். பார்த்ததுமே வகை சொல்லக்கூடிய கைகள் உண்டு. அகன்று தடித்த உள்ளங்கையும் குட்டை விரல்களும் உள்ள கையைப் பார்த்து நிலக் கை என்று சொல்ல அடிக்கோல் வேண்டாம். ஆனால் நம்மில் நிறையப் பேர் எல்லையை ஒட்டியே நிற்கிறோம்.

படத்தில் இது இன்னும் மோசம். கேமராவைக் கைக்கு அருகில் பிடித்து, விரல்கள் கேமராவை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருந்தால் விரல் நீண்டு தெரியும். பின்னால் வளைந்திருந்தால் குட்டையாகத் தெரியும். சிலர் புறங்கையைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். பின்பக்கம் விரல் முட்டியிலிருந்து தொடங்குவதுபோல் தெரிவதால் எல்லோருக்கும் நீள விரல்தான்! அம்மா அனுப்பிய படத்தில் விரல்கள் கேமராப் பக்கம் மடங்கியிருந்தன.

அளவு போகட்டும். குணம் பொருந்துகிறதா என்பதுதானே பெரிய கேள்வி? அதற்கு ஒரு சிறு வேலை செய்தேன். அம்மாவின் கையை வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், விரல்கள் குட்டை. சந்தேகமே இல்லாத நிலக் கை. ஆனால் அதைச் சொல்லவில்லை. நீர்க் கைக்குச் சொல்லும் பலனை அவருடையதைப்போல் சொன்னேன். "வெளியில தைரியமா இருப்பீங்க. ஆனா ஒருத்தர் ஒரு சொல் சொல்லிட்டா ராத்திரி தூக்கம் வராது. அடுத்தவங்க கஷ்டத்தைப் பார்த்தா உங்க மனசு தாங்காது."

அவர் கண் கலங்கியது. "அப்படியே சொல்லிட்டீங்கண்ணே."

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முதலில் கோபம் வந்தது, பிறகு சிரித்துவிட்டார். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களிடம் இதையேதான் செய்தார். குணத்தை அறியும் சோதனை என்று ஒன்றை எழுத வைத்தார். பிறகு ஆளுக்கொரு முடிவு என்று கொடுத்தார். உண்மையில் எல்லோருக்கும் ஒரே தாள். அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி நான்கைத் தாண்டியது. நான்கு கைகளின் பலன்களையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நான்கிலும் உங்களுக்குப் பொருந்தும் வரி ஒன்றாவது இருக்கும்.

அப்புறம்தான் பெண்ணிடம் கேட்டேன், அவளுக்கு ஏன் இந்த வேலை வேண்டும் என்று. பாட்டி பக்கவாதத்தில் படுத்திருந்த எட்டு மாதமும் பள்ளி விட்டு வந்து அவள்தான் பார்த்துக்கொண்டாளாம். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தது, முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அழுதியா?" என்றேன். "அழுதேன் அங்கிள். அழுதுட்டுத் திரும்பப் போய்ச் செஞ்சேன்," என்றாள்.

இளகிய மனமா என்று கேட்டால், ஆமாம். தாங்காதா என்று கேட்டால், எட்டு மாதம் தாங்கியிருக்கிறது. ஒரு சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிட இது பெரிய சாட்சி.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், "கை ஒரு சாக்குதாண்ணே. ராத்திரி ஷிஃப்ட் போட்டா தனியா எப்படி வருவா? அதான் பயம்." அந்தப் பயத்துக்கு விடை உண்டு. விடுதி இருக்கிறதா, முதல் வருடம் இரவு வேலை உண்டா என்று பயிற்சி நிலையத்தைக் கேட்டால் தெரிந்துவிடும். திங்கட்கிழமை காலையில் இருவரும் அழைத்துக் கேட்டார்கள். வியாழக்கிழமை சம்மதக் கடிதம் போனது.

நான் இன்னமும் கை பார்ப்பவன்தான். எல்.ஆர்.டி.யில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கம்பியைப் பிடித்திருந்தால் என் கண் தானாக விரலை அளக்கும். ஆனால் படத்தை வைத்து வகை சொல்வதை நிறுத்திவிட்டேன். யாராவது உங்கள் பிள்ளையின் கையைப் பார்த்து இது இந்த வகை என்று சொன்னால், முதலில் மூன்று அளவுகளையும் கேளுங்கள். அடுத்து, எல்லைக்கு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு மற்ற மூன்று வகைகளின் பலனையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகும் அந்த ஒரு பலன் மட்டும் பொருந்துகிறது என்று தோன்றினால், பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசுங்கள்.