பழைய கைப்பேசியை அழித்துவிடாதீர்கள்

மாணவர்களே, ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கோலா தெர்லாவைச் சேர்ந்த படிவம் நான்கு மாணவி, ஈப்போவில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். புதுக் கைப்பேசி வாங்கியதும் கூகுள் கணக்கு திறக்கவில்லை. மீட்புக்காகக் கொடுத்திருந்த எண், அப்பா டாப்அப் செய்யாமல் விட்டதால் காலாவதியான பிரிபெய்டு எண். மீட்பு மின்னஞ்சலோ அண்ணனின் கல்லூரி முகவரி. படிப்பு முடிந்ததும் கல்லூரி அதை மூடிவிட்டது.

பலர் இந்த நிலையில் பழைய கைப்பேசியைத் துடைத்து அழித்து, தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் புதுக் கணக்கு தொடங்குகிறார்கள். என் கருத்தில் இதைவிடப் பெரிய அவசரம் இல்லை. அந்தப் பழைய கைப்பேசிதான் கையில் மீதமுள்ள ஒரே சாட்சி.

முதலில் எண்ணைப் பாருங்கள். சிம் அட்டை தொலைந்திருந்து, எண் இன்னும் உயிரோடு இருந்தால், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் அடையாள அட்டையுடன் தொலைபேசி நிறுவனக் கடைக்குப் போனால் அதே எண்ணில் மாற்று சிம் கேட்கலாம். பெரும்பாலும் அது அப்பா அல்லது அம்மாவின் பெயரில்தான் இருக்கும். எண் காலாவதியாகி வேறொருவருக்குப் போய்விட்டால் இந்த வழி அடைபட்டது.

அடுத்தது g.co/recover பக்கம். மறுமுனையில் உங்களை அறிந்த அதிகாரி எவரும் இல்லை. ஒரு நிரல், வரும் தடயங்களை எடைபோடுகிறது: வழக்கமாக நுழையும் கருவியா, அதே உலாவியா, வழக்கமான இடமா? ஈப்போவிலிருந்து, புதுக் கைப்பேசியில் முயன்றால் மூன்றுமே அந்நியம். அதே மாணவி வார இறுதியில் சிம்பாங் பூலாய் சாலை வழியே மலையேறி, வீட்டு வைஃபையில், பழைய கைப்பேசியில் முயன்றால் வாய்ப்பு கூடுகிறது. சிம் இல்லாவிட்டாலும் அதில் கணக்கு திறந்தே இருந்தால், "நீங்கள்தானா?" என்ற கேள்வி அந்தத் திரையிலேயே வரக்கூடும்.

கடைசியாக நினைவிலுள்ள கடவுச்சொல்லைக் கேட்டால், பழையதாயினும் எழுதுங்கள். கேள்வியைத் தாண்டிப் போவதைவிட ஊகமாவது மேல். இப்போது பார்க்கக்கூடிய ஒரு மின்னஞ்சலைக் கேட்டால் சரியாகக் கொடுங்கள். பதில் வரச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். அடுத்தடுத்து முயன்றால் கதவு சிறிது காலம் பூட்டிக்கொள்ளும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். நான் கெடுபிடியின் பக்கம்தான். எண்ணும் மின்னஞ்சலும் இல்லாமல் பெயரும் பிறந்த தேதியும் சொன்னாலே கணக்கு திறக்குமானால், உங்கள் வகுப்பில் பாதிப்பேர் உங்கள் கணக்கைத் திறந்துவிடலாம். பணம் கொடுத்தால் மீட்டுத் தருவதாகச் சொல்பவரிடம் இந்த நிரலைத் தாண்டும் வழி எதுவும் கிடையாது. அவருக்கு வேண்டியது உங்கள் கடவுச்சொல்.

சில முயற்சிகள் தோற்கவும் செய்யும். அப்போது புதுக் கணக்குதான். பள்ளி தந்த moe-dl.edu.my கணக்கென்றால் இந்தப் பாடே வேண்டாம்; பள்ளியின் டெலிமா பொறுப்பாசிரியர் கடவுச்சொல்லை மாற்றித் தருவார்.

கணக்கு திரும்பியதும் அன்றே மீட்பு எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கினால், எட்டு இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்து கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்காமல், தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள்.